ஆயாவின் பதம்: காதாலும் மூக்காலும் புறங்கையாலும் சமைப்பது எப்படி

“அரிசியின் சலசலப்பு அடங்கிவிட்டது, ஓடு!” என்று வாசற்படியிலிருந்து ஆயா கத்தியபோது நான் கைப்பேசியில் மணி பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணக்கில் இன்னும் பத்து நிமிடம் மிச்சம் இருந்தது. ஆயாவின் கணக்கில் எதுவும் மிச்சம் இல்லை. மூடியைத் திறந்து பார்த்தேன். இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் அன்றைக்குத் தாத்தாவுக்குக் களிதான் படைத்திருப்போம்.

அன்று ஆடி அமாவாசை. அம்மாவுக்கு வேலை செய்யும் இடத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. படையல் சமையல் எனக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன்பு எனக்குத் தெரிந்த சமையல் முட்டை அவிப்பது மட்டும். ஆயாவுக்குக் கண் அழுத்த நோயில் பார்வை போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. முழங்கால் வலி வேறு. அடுப்பங்கரைக்கும் வாசலுக்கும் நடுவே எட்டு அடி. அந்த எட்டடியைக் கடக்காமலே, வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்தபடி, சோறு, பருப்பு, பாயசம் மூன்றையும் என்னை வைத்துச் சமைத்து முடித்தார். முழுவதும் கடக்கவில்லை என்று சொல்ல முடியாது. கடைசியில் ஒருமுறை எழுந்து வந்தார், அதைப் பிறகு சொல்கிறேன்.

பதம் பார்க்க ஒரு பருக்கையை வாயில் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். படையலுக்கு வைப்பதை முன்னால் ருசி பார்க்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டளை. மோந்து பார்ப்பதும் கூடாது என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்வார். “அப்படியானால் மூக்கைக் கழற்றி வைத்துவிட்டா சமைப்பது?” என்று கேட்டு ஆயா அந்தப் பேச்சை முடித்துவிடுவார்.

அன்று கற்றுக்கொண்டதையும், அதன் பிறகு நானே பல முறை கெடுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அடுப்பைப் பற்றவைக்கும் முன்

மின்விசிறியை நிறுத்துங்கள், தொலைக்காட்சியை அணையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பாத்திரம் மட்டும். இரண்டு அடுப்பும் எரிந்தால் பழகாத காதுக்கு எந்தச் சத்தம் எதனுடையது என்று பிரியாது. ஆயாவுக்கு மூன்று அடுப்பும் பிரியும், அவரை நம்மோடு சேர்க்கவேண்டாம்.

பாத்திரம் மெல்லியதாக இருந்தால் நல்லது. எங்கள் வீட்டு அலுமினியக் குண்டான் உள்ளே நடப்பதை அப்படியே வெளியே சொல்லும். கனமான அடி வைத்த பாத்திரம் ஊமை. மெல்லிய பாத்திரத்தில் சீக்கிரம் அடிபிடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் பிடிக்கப்போவதையும் அதுவே முன்கூட்டிச் சொல்லிவிடும்.

ஆவி பார்க்க உள்ளங்கை வேண்டாம், புறங்கை. உள்ளங்கைத் தோல் தடிப்பானது, சூட்டுக்குப் பழகியது. புறங்கைக்குச் சின்ன ஈரமும் தெரியும். பாத்திரத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், பக்கவாட்டிலிருந்து நீட்டி உடனே எடுத்துவிட வேண்டும். மூடியைத் திறக்கும்போது நமக்கு எதிர்ப்பக்கம் முதலில் தூக்குங்கள். ஆவி தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது தன் சூட்டை எல்லாம் அங்கே இறக்கிவிடும். அதனால் கொதிநீர் பட்டதைவிட ஆவி பட்ட புண் மோசமாக இருக்கும். என் இடது மணிக்கட்டில் அதற்குச் சாட்சி இருக்கிறது.

சோறு

இரண்டு ஆழாக்கு அரிசிக்கு அதைப்போல் ஆறு மடங்கு தண்ணீர். வடிக்கப்போகும் சோற்றுக்குத் தண்ணீர் தாராளமாக இருந்தால் தவறில்லை, குறைந்தால்தான் தவறு. அரிசியைக் களைந்து அரைமணி நேரம் ஊறவைத்துவிட்டு உலை வையுங்கள்.

உலை காய்வதை முதலில் காதால் பழக வேண்டும். கொஞ்ச நேரத்தில் “சீ…” என்று ஒரு இரைச்சல் கிளம்பும். கொதித்துவிட்டது என்று நினைத்து அப்போதுதான் நான் அரிசியை எடுத்தேன். “அது வெறும் கூச்சல். அடங்கட்டும்” என்றார் ஆயா. அடியில் உண்டாகும் ஆவிக் குமிழிகள் மேலே ஏறும்போது, அங்கே இன்னும் சூடேறாத தண்ணீரில் பட்டு உடைகின்றன. அந்த உடைசல்தான் இரைச்சல். தண்ணீர் முழுவதும் ஒரே சூட்டுக்கு வந்ததும் குமிழிகள் உடையாமல் மேல்மட்டம் வரை வந்துவிடும். அப்போது இரைச்சல் தணிந்து “தளதள” என்று உருண்ட சத்தம் வரும். அரிசி போட வேண்டியது இந்தத் தளதளப்பில்தான். கூச்சலில் போட்டால் சோறு அடியில் ஒட்டிக்கொள்ளும், வேகும் நேரமும் கணக்குக்கு வராது.

ஆயாவின் முறையில் எல்லாமே இப்படித்தான் இருக்கும். எந்தச் சத்தம் வந்தது என்று அவர் கேட்கமாட்டார், எது நின்றது என்றுதான் கேட்பார்.

அரிசி போட்டதும் உலை வாயடைத்துவிடும். ஒருமுறை அடிவரை கிளறிவிட்டு மூடியைச் சாய்த்து மூடுங்கள். மறுபடி கொதி வந்ததும் கேட்பது வேறு ஒரு சத்தம், மெல்லிய சலசலப்பு. வேகாத பருக்கைகள் தண்ணீரோடு சுழன்று பாத்திரத்தின் சுவரில் உரசுகிற ஒலி அது. கரண்டியை அடியில் இழுத்தால் மணலை இழுப்பது போல் “கரகர” என்று கேட்கும். புழுங்கல் அரிசியாக இருந்தால் இந்தக் கட்டத்தில் நனைந்த சாக்கின் வாடை அடிக்கும். ரேஷன் அரிசியில் அது இன்னும் தூக்கலாக இருக்கும், அதனால் அரிசி கெட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

நடுவில் நுரை பொங்கி மூடியை “டக் டக்” என்று ஆட்டும். புது அரிசி அதிகமாகப் பொங்கும். தீயைக் குறைத்தால் போதும். இதற்குப் பதம் எதுவும் இல்லை.

அடுத்ததைத்தான் உற்றுக் கேட்க வேண்டும். கஞ்சி கெட்டியாக ஆக, சலசலப்பு கனத்துக் “கொளகொள” என்று இறங்கும். சாக்கு வாடை மறைந்து கஞ்சி மணம் வரும். கரண்டியை இழுத்தால் கரகரப்பு இருக்காது. மூன்றும் ஒன்றாக நடந்தால் வடிக்க வேண்டிய நேரம். சுவரொட்டி ஒட்டும் பசையின் வாடை வந்துவிட்டால் நேரம் தாண்டிவிட்டது.

ஊறிய புழுங்கல் அரிசிக்கு இது ஏறக்குறைய இருபது நிமிடத்தில் நடக்கும். என் கைப்பேசிக் கணக்கு அதுதான், அம்மா வழக்கமாகச் செய்வதைப் பார்த்து வைத்திருந்தேன். ஆனால் படையலுக்கு அன்று போட்டது பச்சரிசி. புழுங்கல் அரிசி நெல்லாக இருக்கும்போதே ஒருமுறை அவிந்து காய்ந்து இறுகியது. பச்சரிசி அப்படி இல்லை, ஊறவைத்தால் பத்து நிமிடத்திலேயே வெந்துவிடும், சில வகை அதற்கும் முன்னால். அரிசி மாறியது கடிகாரத்துக்குத் தெரியவில்லை. வாசற்படிக்குத் தெரிந்திருந்தது.

வடிப்பதற்கு மூடியின் மேல் துணியைப் பிடித்துக் குண்டானைச் சாய்த்து நிறுத்துங்கள். முதலில் “மளமள” என்று கொட்டும், பிறகு நூலாக ஒழுகும், பிறகு சொட்டும். ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் இடையே மூன்று எண்ண முடிந்தால் நிமிர்த்தலாம். பிறகு மிகச் சிறிய தீயில் வையுங்கள். அடியில் மிச்சமிருக்கும் ஈரம் “சிர்…” என்று பாடும். அது நின்று “பட்” என்று முதல் வெடிப்புக் கேட்டதும் அணைத்துவிடுங்கள், இரண்டாவது வெடிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். இப்போது மூடியைத் திறந்து புறங்கையை நீட்டினால், ஆவி வெதுவெதுப்பாகத் தடவிவிட்டுப் போக வேண்டும். உடனே கை நனைந்து வடிந்தால் சோறு இன்னும் தண்ணீரில் இருக்கிறது என்று பொருள். இன்னும் ஐந்து நிமிடம் சாய்த்து வையுங்கள்.

பருப்பு

முக்கால் ஆழாக்குத் துவரம் பருப்பு, நான்கு மடங்கு தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், நான்கு சொட்டு விளக்கெண்ணெய். எண்ணெய் நுரையை அடக்கும், பருப்பு மலர்ந்து வேகும். உப்பும் புளியும் இப்போது கிட்டவே வரக்கூடாது. புளிப்பு பட்டால் பருப்பு வேகாமல் முறைத்துக்கொண்டு நிற்கும்.

பருப்பு கொதிக்கத் தொடங்கியதும் குண்டானுக்குள் “கடகட” என்று தட்டும் சத்தம் கேட்கும். கடினமான பருப்பு உலோகத்தில் மோதுகிறது. வேக வேகத் தட்டல் மந்தமாகி, ஒரு கட்டத்தில் முற்றிலும் நின்றுவிடும். அதே நேரத்தில் பச்சை மொச்சையை உரித்தது போன்ற வாடை போய், கொஞ்சம் இனிப்பான மணம் வரும். அதற்குப் பிறகு குமிழிகள் “பொளக்… பொளக்…” என்று சோம்பலாக உடையும். இறக்கி, மத்தால் ஒரு சுற்று கடைந்து உப்புப் போடலாம். நடுவில் தண்ணீர் சேர்க்க வேண்டியிருந்தால் வெந்நீர்தான். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி நின்றுபோய், கேட்டுக்கொண்டிருந்த கதை பாதியில் அறுந்துவிடும்.

முக்கால் மணி நேரம் ஆகியும் தட்டல் நிற்கவில்லை என்றால்? எங்கள் தெருவில் இது அடிக்கடி நடக்கும். படையலுக்குச் சில மாதம் கழித்து, குடிநீர் லாரி வராத ஒரு வாரத்தில், ஆழ்துளைக் கிணற்று நீரில் பருப்புப் போட்டேன். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் “கடகட”தான். கடைக்காரர் பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டார் என்று நான் திட்டிக்கொண்டிருந்தேன். ஆயா தண்ணீர்க் குடத்தருகே போய் இரண்டு விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்து, “கடைக்காரரைத் திட்டாதே. தண்ணீர் உப்பு” என்றார்.

வட சென்னையின் கடலோர நிலத்தடி நீரில் பல இடங்களில் உப்பு ஏறியிருக்கிறது. மீஞ்சூர்ப் பக்கத்தில் கடல்நீர் நிலத்துக்குள் வெகுதூரம் புகுந்துவிட்டது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-இல் அதே பக்கத்தில், காட்டுப்பள்ளியில் வந்தது. பருப்பைக் கெடுப்பது தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து. பருப்புக்குள் செல்களை ஒட்டவைத்திருக்கும் பொருளை அது இன்னும் இறுக்கிவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு எரித்தாலும் விறகுக்குத்தான் செலவு. தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றி மறுபடி ஏற்றினேன். தட்டல் அரைமணியில் அடங்கியது. முழுதாக மசியவில்லை, சாம்பாருக்குப் போதுமானதாக இருந்தது. சோடா உப்புப் போட்டால் உடனே வேகும் என்பார்கள். போட்ட வீட்டை ஆயா தெருமுனையிலிருந்தே மூக்கால் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் எங்களுக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

குக்கரில் வைப்பவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு. விசிலை எண்ணாதீர்கள், இரண்டு விசிலுக்கு நடுவே உள்ள அமைதியைக் கேளுங்கள். அமைதி சீராக இருந்தால் எல்லாம் சரி. குறுகிக்கொண்டே வந்தால் தீ அதிகம். விசிலோடு மஞ்சள் தண்ணீர் தெறித்தால் பாதிக்கு மேல் நிரப்பிவிட்டீர்கள். விசிலே வராமல் ஓரத்தில் “உஸ்” என்று ஒழுகினால் ரப்பர் வளையம் போய்விட்டது.

பாயசம்

எங்கள் வீட்டுப் படையலுக்குப் பாசிப்பருப்புப் பாயசம்தான். ஒரு ஆழாக்குப் பருப்பு, ஒன்றரை ஆழாக்குப் பொடித்த வெல்லம், ஒரு பெரிய தேங்காய், இரண்டு ஏலக்காய், சுக்குப்பொடி சிறிது. தேங்காயைத் துருவி அரைத்து, முதல் பாலை அரை ஆழாக்குக் கெட்டியாகத் தனியே எடுத்து வையுங்கள். பிறகு தண்ணீர் விட்டு இரண்டாம் பால் இரண்டு ஆழாக்கு. வெல்லத்தைக் கொஞ்சம் நீரில் கரைத்து வடிகட்டிவிடுங்கள். பல்லில் மண் கடிபடும்போது தாத்தா எழுந்து வந்து கேட்கப்போவதில்லை, ஆயா கேட்பார்.

பருப்பை எண்ணெய் இல்லாமல் வறுக்க வேண்டும். இரும்பு வாணலியில் பச்சைப் பருப்பைத் தள்ளினால் “சரசர” என்று மணல் போலக் கனமாக நகரும். ஈரம் வற்ற வற்ற அது “கலகல” என்று லேசாகிக் குதிக்கத் தொடங்கும். மணத்துக்கு ஆயா ஓர் அளவுகோல் வைத்திருந்தார். “மணம் என் படிக்கு வந்தால் இறக்கு. படியைத் தாண்டித் தெருவுக்குப் போனால் கருகிவிட்டது.” எட்டடித் தூரம்தான் அவருடைய வெப்பமானி. உங்கள் வீட்டிலும் அடுப்பிலிருந்து எட்டடியில் ஒருவரை உட்காரவைத்துப் பாருங்கள். அடுப்பருகே நிற்பவரின் மூக்கு ஐந்து நிமிடத்தில் மரத்துப்போகும், தள்ளி இருப்பவருக்கு மாற்றம் பளிச்சென்று தெரியும்.

வறுத்ததை இரண்டரை மடங்கு தண்ணீரில் குழையவிடுங்கள். தட்டல் நின்று “பொளக்” வந்த பிறகுதான் வெல்லம். முன்பே வெல்லம் சேர்த்தால் பருப்பு அதற்கு மேல் குழையாது. வெல்லப்பாகு இறங்கியதும் பாயசம் நீர்த்து மறுபடி “சளசள” என்று சத்தம் போடும். அதைக் கேட்டு, கெடுத்துவிட்டோமோ என்று நான் பயந்தேன். ஐந்தாறு நிமிடத்தில் சத்தம் கனக்கும். கரும்புச்சாற்றின் பச்சை வாடையும் அதனோடு விலகும். பிறகு இரண்டாம் பால், மெல்லிய தீ, ஒரு கொதி. ஆறினால் இன்னும் இறுகும் என்பதால், போதாது என்று தோன்றும் கெட்டியிலேயே நிறுத்த வேண்டும்.

கண்டம் முதல் பாலில் இருக்கிறது. கொதிக்கும் பாயசத்தில் ஊற்றினால் எண்ணெய் பிரிந்து திரிதிரியாக மிதக்கும். முழுக்க ஆறிய பிறகு ஊற்றினால் ஒன்றோடு ஒன்று சேராது, பச்சையாக நிற்கும். அடுப்பை அணைத்த பின் பாயசம் ஓரத்தில் கொஞ்ச நேரம் “ப்ளுக், ப்ளுக்” என்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அது நின்று, ஆவி தளர்ந்ததும் ஊற்ற வேண்டும்.

அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் எங்கள் ராயபுரத்திலிருந்து புறப்பட்டதில் ஊருக்குப் பெருமைதான், ஆனால் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குடியிருந்து காதால் சமைப்பவருக்கு அது வேறு விதமான பெருமை. சரக்கு ரயில், பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. மூக்கையாவது நம்பலாம் என்றால், நண்பகலில் காற்று திரும்பிவிட்டது. காலையில் மேற்குக் காற்று கொடுங்கையூர்ப் பக்கத்துப் புகையைக் கொண்டுவரும். கடல்காற்று எழுந்தால் காசிமேட்டு மீன். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் சில மணி நேரம்தான் ஆயாவின் மூக்குக்கு வேலை நேரம். அது முடிந்துபோயிருந்தது.

“ஆயா, ஊற்றட்டுமா?” என்று கத்தினேன்.

அவருக்கு எதுவும் கேட்கவில்லை. சுவரைப் பிடித்து எழுந்தார். எட்டடியையும் நடந்து வந்து, என் தோளில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மற்றக் கையைப் பாத்திரத்துக்கு மேல் நீட்டினார். ஒரு சாண் உயரம். உடனே எடுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார். கையைத் திருப்பி என் கன்னத்தில் வைத்தார், ஈரமாக இருந்தது.

“இன்னும் இல்லை, கண்ணு.”

ரயில் போய்க்கொண்டிருந்தது. நான்காவது முறை நீட்டிய கையை அவர் எடுக்கவே இல்லை. ஆவி விரல்களைச் சுற்றிப் போனது. மறுபடி என் கன்னத்தில் வைத்தார், சூடாக இருந்தது, ஈரம் இல்லை. “இப்போது ஊற்று. ஓரமாக, நூலாக.”

ஊற்றினேன். பிரியவில்லை.

இலையில் எல்லாவற்றையும் வைத்துக் கற்பூரம் காட்டிய பிறகு, ஒரு பிடி சோற்றில் பருப்பும் பாயசமும் வைத்து மாடிச் சுவரில் காக்கைக்குப் போட்டுவிட்டு வந்தேன். மேலே ஒரு காக்கை விடாமல் கரைந்துகொண்டிருந்தது. அது கூட்டத்தைக் கூப்பிடுகிறதா, என் சமையலைக் குறை சொல்கிறதா என்று தெரியாமல் படியில் ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குப் பசி.

ஆயா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நின்றுவிட்டது, பார்” என்றார். “வாயில் சோறு இருக்கிறது. போய் நமக்கு இலை போடு.”